எழுவினா: ஒரு சொல்லின் தடமும் தேர்வு அட்டவணையின் நான்கு கட்டங்களும்

தமிழ்நாட்டின் உரிமையியல் நீதிமன்றங்களில் தமிழில் எழுதப்படும் தீர்ப்புரை ஒன்றைப் புரட்டினால், வாதி சொன்னதும் பிரதிவாதி மறுத்ததும் சுருக்கமாக வந்து முடிந்த இடத்தில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: கீழ்க்கண்ட எழுவினாக்கள் வனையப்பட்டன. அடுத்து, ‘தாவாச் சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டதா?’, ‘வாதி கோரும் பரிகாரம் கிடைக்கத்தக்கதா?’ என்று எண்ணிட்ட கேள்விகள் வரிசையாக நிற்கும். நீதிமன்ற வராந்தாவில் இதையே வழக்கறிஞர்கள் ‘இஷ்யூ ஃப்ரேம் ஆயிடுச்சு’ என்பார்கள். பேச்சில் இஷ்யூ, எழுத்தில் எழுவினா.

சட்டக் கல்லூரி மாணவர்கள் தேர்வுக்குமுன் தயாரிக்கும் வழக்குச் சுருக்க அட்டவணையிலும் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. தாளைக் குறுக்கே நான்காகப் பிரித்து, முதல் கட்டத்தில் பொருண்மைகள், இரண்டாவதில் எழுவினா, மூன்றாவதில் முடிவு, நான்காவதில் காரணம் என்று எழுதுவது வழக்கம். பொருண்மை என்பது நடந்ததைக் குறிக்கும் சட்டத்தமிழ்ச் சொல். பழைய நூல்களில் அதுவே ‘சங்கதி’. நான்கில் மூன்று கட்டங்களை நிரப்புவது எளிது. நடந்ததைச் சொல்லிவிடலாம், யார் வென்றார் என்று எழுதிவிடலாம், நீதிபதி சொன்னதில் இரண்டு வரியை எடுத்து வைக்கலாம். இரண்டாம் கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும். பலர் அங்கே ‘ஏற்பு பற்றியது’, ‘மறுபயன்’ என்று பாடத்தலைப்பை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தலைப்பு எழுவினா ஆகாது. ஏன் ஆகாது என்பதை அந்தச் சொல் வந்த வழியே காட்டிக்கொடுக்கும்.

வெளியேறும் வழி

ஆங்கிலச் சட்டமொழியின் ‘இஷ்யூ’, பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் வெளியேறுதல், வாசல். அதற்கும் பின்னால் நிற்பது ‘வெளியே செல்’ என்னும் பொருளுடைய ‘எக்ஸீரே’ என்ற லத்தீன் வினை. இடைக்கால இங்கிலாந்தின் அரச நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் வாதாடியது பிரெஞ்சில். நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். பேச்சு மாறினாலும் கலைச்சொற்கள் பிரெஞ்சாகவே தங்கிவிட்டன. அப்படித் தங்கியவற்றுள் இதுவும் ஒன்று.

ஒரு வழக்கில் எது வெளியேறுகிறது? அன்றைய வாதமுறையைப் பார்த்தால் புரியும். இரு தரப்பும் மாறி மாறிப் பேச வேண்டும். எதிராளி சொன்னதை ஒருவர் மறுக்கலாம். அல்லது ஒப்புக்கொண்டு, அதன் விளைவைத் தடுக்கும் வேறொரு விவரத்தைச் சொல்லலாம். ‘என் பசுவைப் பிடித்துப்போனான்’ என்கிறார் ஒருவர். ‘பிடித்தது உண்மை, அது என் நிலத்தில் பயிரை மேய்ந்துகொண்டிருந்தது’ என்கிறார் மற்றவர். ‘அந்த நிலம் உன்னுடையதல்ல, என்னுடையது’ என்று முதலாமவர் திருப்புகிறார். இப்போது ஒருவர் ஆம் என்பதை மற்றவர் இல்லை என்கிறார். மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. வாதம் இந்த வாசலில் வந்து முடிகிறது. அந்த முடிவிடத்தின் பெயர்தான் இஷ்யூ. அது பொருண்மை பற்றியதாக இருந்தால் ஜூரிக்குப் போகும். சட்டம் பற்றியதாக இருந்தால் நீதிபதிகள் முடிவு செய்வார்கள்.

இந்தப் பசுக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சண்டை பசுவைப் பற்றித் தொடங்கியது. ஜூரியின் முன் போன கேள்வியில் பசுவே இல்லை, நிலம் யாருடையது என்பதுதான் இருக்கிறது. பசுவைப் பிடித்தது இருவரும் ஒப்புக்கொண்ட விவரம். ஒப்புக்கொண்டதைப் பற்றிக் கேள்வி இருக்க முடியாது. ‘வழக்கு எதைப் பற்றியது’ என்று கேட்டு இரண்டாம் கட்டத்தை நிரப்பும் மாணவர் ‘பசு’ என்று எழுதுவார். ‘எந்த ஒரு கூற்றை ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்தார்’ என்று கேட்பவர்தான் ‘நிலம்’ என்று எழுதுவார்.

எழுதலும் வனைதலும்

இங்கிலாந்தில் இஷ்யூவை வந்தடைவது தரப்பினரின் வேலை. இந்தியாவில் 1859-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் அந்த வேலையை நீதிபதியிடம் ஒப்படைத்தது. இன்று நடப்பில் உள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14-ஆவது கட்டளை முழுவதும் இதற்கானது. ஒரு தரப்பு வலியுறுத்தி மறுதரப்பு மறுக்கும் முக்கியமான கூற்று ஒன்று இருக்கும்போது எழுவினா எழுகிறது என்கிறது அதன் முதல் விதி. அப்படிப்பட்ட ஒவ்வொரு கூற்றும் தனித்தனி எழுவினாவாக வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வழக்குரையையும் எதிர்வழக்குரையையும் படித்து, இரு தரப்பும் எங்கே முரண்படுகிறார்கள் என்று கண்டு, அவற்றை எழுதிவைப்பது நீதிபதியின் கடமை.

‘எழுகிறது’ என்ற சட்டத்தின் வினையைத் தமிழ்ச் சொல் தனக்குள் வைத்திருக்கிறது. பிரெஞ்சுச் சொல் வாதம் முடியும் இடத்தைப் பார்க்கிறது. எழுவினா கேள்வி பிறக்கும் இடத்தைப் பார்க்கிறது. இடம் என்னவோ ஒன்றுதான். பேச்சு முடிந்த அதே புள்ளியில் நீதிமன்றத்தின் வேலை தொடங்குகிறது. இலக்கணப்படி ‘எழுவினா’ ஒரு வினைத்தொகை: எழுந்த வினா, எழுகின்ற வினா, எழும் வினா என்று மூன்று காலத்துக்கும் விரியும். அட்டவணை தயாரிப்பவருக்கு இந்த விரிவு நல்ல அளவுகோல். அந்த வழக்கில் எழுந்த வினாவாகவும் இருக்க வேண்டும். நாளை வேறொருவர் வழக்கில் எழும் வினாவாகவும் இருக்க வேண்டும். பின்னால் நாம் பார்க்கப்போகும் ஒரு வழக்கில் ‘லால்மனுக்குப் பணம் கிடைக்குமா?’ என்பது எழுந்த வினா மட்டுமே. ‘ஒப்பந்தம் எப்போது உண்டாகும்?’ என்பது எங்கும் எழக்கூடியது. ஆனால் எந்த வழக்கிலும் அந்த வடிவத்தில் எழுந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதே தேவை.

இன்னொரு சொல் ‘வனைதல்’. மண்ணைப் பானையாக்கும் குயவரின் வினையை நம் நீதிமன்றத் தமிழ் எழுவினாவுக்கும் குற்றச்சாட்டுக்கும் எடுத்துக்கொண்டது. மண் தரப்பினர் கொண்டுவந்தது. வடிவம் நீதிபதி கொடுப்பது. வழக்குரையில் இல்லாத மண்ணிலிருந்து எழுவினாவை வனைய முடியாது. மாணவருக்கும் அப்படித்தான். தீர்ப்பில் விவாதிக்கப்படாத கேள்வி எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதற்கு இரண்டாம் கட்டத்தில் இடமில்லை.

நான்கு கட்டங்களும் சட்டத்திலேயே

அட்டவணையின் நான்கு தலைப்புகளும் கல்லூரி விடுதியில் பிறந்தவை என்று நினைப்பவர்கள் அதே சட்டத்தின் 20-ஆவது கட்டளை, 4-ஆவது விதியைப் பார்க்க வேண்டும். தீர்ப்புரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அது நான்கைப் பட்டியலிடுகிறது: வழக்கின் சுருக்கமான விவரம், தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், அவற்றின் மீதான முடிவு, அந்த முடிவுக்கான காரணங்கள். மாணவரின் அட்டவணை இதேதான். நீதிபதி நாற்பது பக்கத்தில் செய்ததை மாணவர் ஒரு தாளில் செய்கிறார். சிறுவழக்கு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மட்டும் அதே விதி சலுகை தருகிறது; தீர்மானிக்க வேண்டிய கேள்வியும் அதன் முடிவும் இருந்தால் போதும். நான்கில் எந்த இரண்டு இல்லாமல் தீர்ப்பே இருக்க முடியாது என்பதைச் சட்டம் அங்கே சொல்லிவிடுகிறது. கேள்வியும் விடையும் முதுகெலும்பு. பொருண்மை, கேள்வி எழக் காரணமானது. காரணம், விடை நிற்கக் காரணமானது.

அடுத்த விதி ஒவ்வொரு எழுவினாவுக்கும் தனியாக முடிவும் காரணமும் சொல்லச் சொல்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: ஓரிரு எழுவினாக்களின் விடையே வழக்கைத் தீர்த்துவிடுமானால் மற்றவற்றுக்குள் போக வேண்டியதில்லை. இதிலிருந்து அட்டவணைக்கு இரண்டு நெறிகள் கிடைக்கின்றன. ஒரு வழக்குக்கு ஒரு வரிசை என்று வைக்காமல், ஒவ்வொரு எழுவினாவுக்கும் ஒரு வரிசை வைக்க வேண்டும். எந்த வரிசையின் விடை வழக்கைத் தீர்த்தது, எது பேசப்பட்டும் தீர்க்கத் தேவைப்படவில்லை என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்தின் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘தீர்ப்பு’ என்ற சொல், ‘தீர்’ என்ற வினையிலிருந்து வருவது. எழுந்த வினா தீர வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் ‘மனு தள்ளுபடி’, ‘மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது’ என்பன வினாவைத் தீர்ப்பவை அல்ல. வழக்குக் கட்டை மூடுபவை. மூன்றாம் கட்டத்தில் முதலில் எழுவினாவுக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை வர வேண்டும். தள்ளுபடி என்பது அதன் பின்னால் வரும் ஒரு சொல்.

லால்மன் சுக்லாவின் வழக்கு

ஒப்பந்தச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரின் அட்டவணையிலும் இருக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், அலகாபாத் உயர் நீதிமன்றம், 1913. தீர்ப்பு மிகச் சிறியது; எழுதியவர் நீதிபதி பானர்ஜி. சிறியது என்பதாலேயே பலர் அதைப் படிக்காமல் பாடநூலின் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

நடந்தது இது. கான்பூரில் தொழில் நடத்திய கௌரி தத்தின் மருமகன் ஜனவரி மாதத்தில் வீட்டைவிட்டுக் காணாமல் போனான். பணியாட்களைப் பல ஊர்களுக்கு அனுப்பித் தேடச் சொன்னார். நிறுவனத்தின் முனீமாக, அதாவது கணக்கராக இருந்த லால்மன், ரயில் கட்டணமும் செலவுப் பணமும் பெற்றுக்கொண்டு ஹரித்துவாருக்குப் போனார். அவர் புறப்பட்ட பிறகு, பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று கௌரி தத் துண்டறிக்கை வெளியிட்டார். லால்மன் ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்துத் தந்தி அடித்தார். முதலாளி வந்து பையனை அழைத்துப்போனார். லால்மனுக்கு இரண்டு சவரன் நாணயமும், ஊர் திரும்பியபின் 20 ரூபாயும் கொடுத்தார். லால்மன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சுமார் ஆறு மாதம் கழித்து வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகே, பரிசுத் தொகையில் 499 ரூபாய் வர வேண்டும் என்று வழக்குப் போட்டார். கீழமை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சீராய்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

இதில் எழுவினா எது? லால்மனின் வழக்குரையில் ஒரு கூற்று இருந்தது. ஹரித்துவாருக்கு அனுப்பும்போதே பரிசைத் தருவதாக முதலாளி வாக்களித்தார் என்றார். அது முழுக்கப் பொருண்மை பற்றிய எழுவினா. அது உண்மையல்ல என்று விடை கிடைத்துவிட்டது; துண்டறிக்கை அவர் புறப்பட்ட பிறகே வெளிவந்தது என்பதை ஆவணங்கள் காட்டின. எனவே உயர் நீதிமன்றத்தில் இது எழுவினா அல்ல. கீழே தீர்ந்துபோன எழுவினா மேலே பொருண்மையாக மாறிவிடுகிறது. தேர்வுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் என்பதால் இந்த மாற்றத்தைக் கவனிப்பது அவசியம். ‘அனுப்பும்போது வாக்களித்தாரா?’ என்று இரண்டாம் கட்டத்தில் எழுதினால் தவறு. ‘அனுப்பும்போது பரிசு பற்றிய வாக்குறுதி இல்லை’ என்று முதல் கட்டத்தில் எழுதினால் சரி.

மேலே எஞ்சியவை இரண்டு கேள்விகள். ஒன்று, பரிசு அறிவிப்பைத் தெரிந்துகொள்ளாமல் செய்த செயல் அந்த முன்மொழிவுக்கு ஏற்பு ஆகுமா? லால்மன் தரப்பு, ஒப்பந்த உறவோ உள்நோக்கமோ தேவையில்லை, செயலைச் செய்ததே போதும் என்று வாதிட்டு, வில்லியம்ஸ் எதிர் கார்வர்டைன் முதலிய ஆங்கில வழக்குகளைக் காட்டியது. நீதிபதி, இத்தகைய வழக்கு ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்க முடியும், ஏற்பின்றி ஒப்பந்தம் இல்லை, முன்மொழிவைப் பற்றிய அறிவின்றி ஏற்பு இல்லை என்றார். பாடநூல் சுருக்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. துண்டறிக்கைகள் சில லால்மன் இருந்த இடத்துக்கே அனுப்பப்பட்டதாகத் தெரிகிறது என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. ‘அவருக்குத் தெரியாது, ஆகவே தோற்றார்’ என்று எழுதும் அட்டவணை இந்த வாக்கியத்தோடு மோதுகிறது. நீதிபதி முடிவை நிறுத்தியது வேறொரு தூணின் மேல். காணாமல் போனவரைத் தேடுவது முனீமின் வழக்கமான வேலை இல்லைதான். ஆனால் ஹரித்துவாருக்குப் போய்த் தேட ஒப்புக்கொண்டபோது அந்தக் கடமையை லால்மன் ஏற்றுக்கொண்டார். பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே பையனைத் தேடிக் கண்டுபிடிக்கும் கடப்பாடு அவர்மேல் இருந்தது. ஏற்கெனவே கடமையாக இருந்ததைச் செய்தது, பிறகு வந்த வாக்குறுதிக்கு மறுபயன் ஆகாது. இரண்டாம் எழுவினா இதுதான்.

இனி அட்டவணையை எழுதலாம்.

பொருண்மைகள் (இரு வரிசைக்கும் பொது): முதலாளி தன் மருமகனைத் தேடப் பணியாளை அனுப்பினார், பணியாள் ஒப்புக்கொண்டு, செலவுப் பணம் பெற்றுச் சென்றார். அப்போது பரிசு பற்றிய வாக்குறுதி இல்லை. அவர் சென்றபின் 501 ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிக்கைகள் சில அவருக்கும் அனுப்பப்பட்டன. அவர் பையனைக் கண்டுபிடித்தார், பரிசைக் கோரினார்.

எழுவினா 1: பொது அறிவிப்பில் கேட்கப்பட்ட செயலை, அறிவிப்பைப் பற்றிய அறிவின்றிச் செய்தவர் அதை ஏற்றவர் ஆவாரா?
முடிவு: ஆக மாட்டார்.
காரணம்: ஏற்பின்றி ஒப்பந்தம் இல்லை, அறிவின்றி ஏற்பு இல்லை. உள்நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். அறிவு இருந்தே ஆக வேண்டும்.

எழுவினா 2: பரிசு அறிவிக்கப்படுமுன்பே அதே செயலைச் செய்யக் கடப்பட்டிருந்த பணியாள், அதைச் செய்ததால் பரிசைக் கோர முடியுமா?
முடிவு: முடியாது. மனு தள்ளுபடி.
காரணம்: கடப்பாடு முன்பே நிலுவையில் இருந்தது, அதை நிறைவேற்றியது புதிய வாக்குறுதிக்கு மறுபயன் ஆகாது.

முதல் கட்டத்தில் எவை விடுபட்டன என்று பாருங்கள். ரிஷிகேசம் இல்லை, தந்தி இல்லை, இரண்டு சவரன் இல்லை, ஆறு மாதம் இல்லை, வேலைநீக்கம் இல்லை. கதையாகச் சொல்லும்போது சுவை தருபவை இவைதான். ஆனால் பையன் மதுராவில் கிடைத்திருந்தாலும், லால்மன் மறுநாளே வழக்குப் போட்டிருந்தாலும் விடை மாறியிருக்காது. ஒரு விவரத்தை மாற்றிப் பார்த்து, எழுவினாவின் விடை அசைகிறதா என்று கேட்பதே பொருண்மைக் கட்டத்தின் சோதனை. அசையாவிட்டால் அடித்துவிடலாம். அறிவிப்பு அவர் புறப்படுவதற்கு முந்தைய நாள் வந்திருந்தால்? முழு வழக்கும் அசையும். ஆகவே ‘சென்றபின்’ என்ற ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் கட்டம் தாளில் முதலில் இருந்தாலும், எழுவினாவை எழுதிய பிறகே அதை இறுதி செய்ய முடியும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

எந்தத் தூண் தாங்குகிறது?

நான்காம் கட்டத்தில் இரண்டு காரணங்கள் இருக்கும்போது, எது முன்தீர்ப்பாகப் பிறரைக் கட்டும், எது போகிறபோக்கில் சொன்னது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் முன்னதை ரேஷியோ என்றும் பின்னதை ஓபிட்டர் என்றும் சொல்வார்கள். ஹார்வர்டில் சட்டம் கற்பித்த யூஜின் வாம்பா, வழக்குகளைப் படிக்கும் முறை பற்றி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூலில் இதற்கு ஒரு சோதனையைத் தந்தார். தீர்ப்பில் சொன்ன விதியைத் தலைகீழாக்கிப் பார். அப்போதும் அதே முடிவு வந்திருக்குமானால், அந்த விதி முடிவைத் தாங்கவில்லை.

லால்மன் வழக்கில் செய்து பார்க்கலாம். ‘அறிவின்றியும் ஏற்பு உண்டு’ என்று முதல் விதியைத் திருப்புவோம். லால்மன் வென்றிருப்பாரா? மாட்டார்; முன்கடமை குறுக்கே நிற்கிறது. எனவே முதல் வரிசை முடிவைத் தாங்கவில்லை. இப்போது ‘முன்கடமையைச் செய்வதும் மறுபயன் ஆகும்’ என்று இரண்டாவதைத் திருப்புவோம். அறிக்கைகள் அவருக்கு அனுப்பப்பட்டிருந்தன. அவை எப்போது கைக்கு வந்தன என்ற பொருண்மை முக்கியமாகியிருக்கும், முடிவு மாறவும் இடம் உண்டு. ஆகவே தீர்ப்பைத் தாங்குவது இரண்டாம் வரிசை. பெரும்பாலான அட்டவணைகளில் இருப்பதோ முதல் வரிசை மட்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு தீர்ப்பு ஒன்றையொன்று சாராத இரண்டு தூண்களின்மேல் சமமாக நின்றால், எதைத் திருப்பினாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். சோதனைப்படி இரண்டுமே காரணம் இல்லை என்று ஆகிவிடும். அது அபத்தம். அந்த இடத்தில் நீதிபதி எதை ‘ஆகவே’ என்ற சொல்லோடு முடிவில் இணைத்தார் என்று தீர்ப்பின் கடைசிப் பத்தியில் தேடுவதே வழி. லால்மன் வழக்கின் கடைசிப் பகுதியில் ‘ஆகவே’ வருவது முன்கடமையை ஒட்டி. முதல் வரிசையை அழிக்க வேண்டியதில்லை. ‘சொல்லப்பட்டது, முடிவு இதன்மேல் இல்லை’ என்று ஓரத்தில் குறித்தால் போதும். அறிவு தேவை என்பதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே துணைநிற்கிறது. முன்மொழிவு யாருக்குச் செய்யப்படுகிறதோ அவர் அதை அறியும்போதுதான் அதன் அறிவிப்பு நிறைவடையும் என்பது அந்தப் பிரிவு. விடைத்தாளில் முதல் வரிசைக்கு ஆதாரமாக இந்தப் பிரிவை முன்வைத்து, லால்மன் வழக்கைத் துணையாகச் சொல்லலாம். இரண்டாம் வரிசைக்கு லால்மன் வழக்கே ஆதாரம். ‘மறுபயன்’ என்பதை வரையறுக்கும் 2(டி) பிரிவு பக்கத்தில் நிற்கும்.

தேர்வுக் கூடத்தில் எழும் வினா

வினாத்தாளில் லால்மன் வரமாட்டார். அவரைப்போல வேறொருவர் வருவார். முதலாளியின் நாய் காணாமல் போகிறது, பரிசு அறிவிக்கப்படுகிறது, அறிவிப்பைப் பார்க்காத அண்டைவீட்டுக்காரர் நாயைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார், பிறகு பரிசைக் கேட்கிறார். அவருக்கு எந்த முன்கடமையும் இல்லை. ஒரே வரிசை கொண்ட அட்டவணையை மனப்பாடம் செய்தவரும் இதற்குச் சரியாக எழுதிவிடுவார்: அறிவில்லை, ஏற்பில்லை, பரிசு இல்லை. அவருடைய அட்டவணையின் குறை இங்கே வெளிப்படாது.

வெளிப்படும் இடம் அடுத்த கேள்வி. அதே முதலாளியின் கணக்கர், பரிசு அறிவிப்பைச் சுவரில் படிக்கிறார். யாரும் அவரை அனுப்பவில்லை. விடுமுறை நாளில் தானாகத் தேடிப் போய் நாயைக் கொண்டுவருகிறார். முதலாளி, ‘நீ என் பணியாள், உனக்குப் பரிசு கிடையாது’ என்கிறார். வழக்கை ‘பணியாளுக்குப் பரிசு இல்லை’ என்று சுருக்கியவர் முதலாளி பக்கம் எழுதுவார். ‘தெரியாமல் செய்தால் பரிசு இல்லை’ என்று சுருக்கியவர், இவருக்குத்தான் தெரியுமே என்று கணக்கர் பக்கம் எழுதுவார். விடை சரியாக இருக்கும், ஆனால் முதலாளி எழுப்பிய வாதத்துக்குப் பதிலே இருக்காது.

இரண்டு வரிசைகளும் கையில் இருப்பவர் முதலாளியின் வாதத்தை எழுவினா 2-க்கு நேராக வைப்பார். அங்கே விடையைத் தீர்மானித்தது பணியாள் என்ற நிலை இல்லை. தேடுவது முனீமின் வழக்கமான வேலை அல்ல என்று நீதிபதியே சொல்லியிருக்கிறார். குறிப்பிட்ட அந்தத் தேடலை லால்மன் ஒப்புக்கொண்டு, செலவுப் பணம் வாங்கிப் புறப்பட்டதுதான் கடமையை உண்டாக்கியது. இந்தக் கணக்கர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை; அறிவிப்பு வந்தபோது அவர்மேல் கடப்பாடு இல்லை. ஆகவே லால்மன் வழக்கு இவருக்குப் பொருந்தாது. அறிவும் இருப்பதால் இவர் பரிசைக் கோரலாம். இந்த விடை முழுவதும் முதல் கட்டத்தில் இருக்கும் ‘ஒப்புக்கொண்டு’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. அட்டவணையைச் சுருக்கும்போது பலரும் முதலில் வெட்டுவதும் அந்தச் சொல்லைத்தான்.